தர்மபுரி பக்கம் பார்க்கிங் வெச்சு மாடி வீடு டிசைன் பண்றீங்களா? நிலநடுக்கக் கணக்குல நான் மாட்டின இடங்கள்

டிகிரி முடிச்சு மூணு வருஷம் சைட்ல நின்னுட்டு, முதல்முறையா நானே ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்ண உக்காந்தது எங்க மாமா வீட்டுக்குத்தான். தர்மபுரி டவுனை ஒட்டின மனை, கீழ முழுக்க கார் பார்க்கிங், மேல மூணு மாடி. சாஃப்ட்வேர்ல காலம், பீம் போட்டேன், ரன் பண்ணேன், எல்லாம் பச்சையா பாஸ் ஆச்சு, பிரிண்ட் எடுத்துட்டு சேலத்துல இருக்கற ஒரு சீனியர் என்ஜினியர்கிட்ட கையெழுத்துக்குப் போனேன். அவர் பத்து நிமிஷம் பாத்தார், "செவுரு எங்கப்பா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு திருப்பிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டதுதான் இது. புதுசா டிசைன் பண்ண வர்றவங்களுக்கும், சைட்ல கம்பி செக் பண்ற பசங்களுக்கும் எழுதறேன். இதுல வர்ற நம்பர் எல்லாம் நிலநடுக்க டிசைனுக்கான இந்தியக் கோடுங்களான ஐ.எஸ். 1893 பாகம் 1, ஐ.எஸ். 13920 ரெண்டோட 2016 பதிப்புல இருந்து. நீங்க பிளான் குடுக்கற தேதியில எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம் நடைமுறையில இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க, ஏன்னா பழைய பதிப்பைப் பாத்து பண்ணித்தான் பாதிப் பேர் மாட்டறாங்க.

1. முதல்ல ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, அப்புறம் கம்ப்யூட்டரைத் தொறங்க

டிசைன் பேசிஸ்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, எதை நம்பி இந்தக் கணக்கைப் போட்டோம்னு ஒரு தாள். எந்த மண்டலம், என்ன மண்ணு, கட்டடம் எதுக்கு, எந்த மாதிரி ஃப்ரேம், செவுரு என்ன கனம், செவுரைக் கணக்குல சேத்தோமா இல்லையா, இவ்வளவுதான். நான் இதை எழுதல, அதான் சீனியர் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

மண்டலம்: தர்மபுரி மண்டலம் 3, ஐ.எஸ். 1893 கடைசியில இருக்கற ஊர்ப் பட்டியல்லயே பேர் இருக்கு, மண்டல எண் 0.16. பெங்களூரு மண்டலம் 2, அதுக்கு 0.10. இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிறைய டிராயிங் பெங்களூர்ல பண்ணதோட காப்பியாத்தான் வருது, அங்க போட்ட அதே டீடெய்லை இங்க கொண்டாந்து ஒட்டிடறாங்க. உங்க மனை மண்டல எல்லைக்கிட்ட இருந்தா மேப்பைப் பாருங்க, சந்தேகம்னா கூடின மண்டலத்தை எடுங்க. நான் அப்படித்தான் பண்றேன்.

ஃப்ரேம் வகை: மண்டலம் 3, 4, 5ல சாதா ஃப்ரேம் போடவே கூடாது, நெகிழ்வு டீடெய்லிங் இருக்கற ஸ்பெஷல் ஃப்ரேம்தான். சாதாவுக்கு R மதிப்பு 3, ஸ்பெஷலுக்கு 5. விசையை இந்த R ஆல வகுக்கறோம், அதனால R கூடினா விசை குறையும். ஆனா அந்தக் குறைப்பு சும்மா வர்றது இல்ல, அதுக்கு விலை கம்பி கட்டற விதத்துல இருக்கு. கட்டடம் பெரிய நடுக்கத்துல வளைஞ்சு குடுக்கும், ஒடையாதுன்னு நம்பித்தான் R 5 தர்றாங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மண்டலம் 2ல சாதா ஃப்ரேம் போட்டா கட்டட எடையில 4.2 சதவீதம் விசை வரும், மண்டலம் 3ல ஸ்பெஷல் ஃப்ரேம் போட்டா 4 சதவீதம். கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனாலதான் "விசை ஒண்ணாத்தான இருக்கு, பெங்களூர் டிராயிங்கே போதும்"னு சொல்றாங்க. நம்பர் ஒண்ணா இருக்கலாம், ஆனா நம்ம 4 சதவீதம் ஸ்டிரப் நெருக்கத்தையும் கொக்கி வளைவையும் அடமானம் வெச்சு வாங்கினது.

2. செவுரைச் சேத்து ஆட்ட நேரக் கணக்கு போடுங்க

மாமா வீடு 12 மீட்டருக்கு 9 மீட்டர். நீளவாக்குல 4 மீட்டர்ல மூணு பே, குறுக்க 4.5 மீட்டர்ல ரெண்டு பே, மொத்தம் 12 காலம். கீழ் தளம் 3 மீட்டர், மேல ஒவ்வொண்ணும் 3.2, ஆக உயரம் 12.6 மீட்டர். சுத்தி ஒன்பது இஞ்ச் செவுரு, உள்ள நாலரை இஞ்ச், சூளைச் செங்கல்.

கட்டடம் ஒரு தடவை ஆடி வர்ற நேரத்துக்கு கோட்ல ரெண்டு வாய்ப்பாடு வரும், h கட்டட உயரம், d ஆடற திசையில கட்டடத்தோட நீளம், ரெண்டும் மீட்டர்ல:

```
Ta = 0.075 h^0.75      (bare frame)
Ta = 0.09 h / √d       (with infill)
```

நான் போட்டது மேல இருக்கறது. 0.50 செகண்ட் வந்துச்சு. அஸ்திவாரம் பாறையில உக்காருது, கடின மண், அதனால நடுக்கத்துக்குக் கட்டடம் எவ்வளவு ஆடும்னு காட்டற Sa/g 1.99, விசை எடையில 3.2 சதவீதம்தான். ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனா மேல இருக்கற வாய்ப்பாடு செவுரே இல்லாத வெறும் ஃப்ரேமுக்கு. செங்கல் செவுரு கட்டினா கீழ இருக்கறதுதான். நீளவாக்குல 0.33 செகண்ட், குறுக்க 0.38. கடின மண்ணுல 0.40 செகண்டுக்குள்ள இருந்தா Sa/g உச்சம், 2.5. ஆக விசை 4 சதவீதம்.

கட்டட எடை, படி, தண்ணி டேங்க் எல்லாம் சேத்து 5000 கிலோநியூட்டன் சுமார் வந்துச்சு. நான் முதல்ல டிசைன் பண்ணது 160 கிலோநியூட்டனுக்கு, பண்ணியிருக்க வேண்டியது 200க்கு. கால்பங்கு கூட. வாய்ப்பாடு தப்பா எடுத்ததுல மட்டும்.

இதோட இன்னொண்ணும் புரிஞ்சுது. "நம்ம ஊரு பாறை சார், நிலநடுக்கம் எல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னு மேஸ்திரில இருந்து எல்லாரும் சொல்வாங்க. செவுரு வெச்ச மூணு நாலு மாடி கட்டடத்துக்கு நேரம் 0.4க்குள்ளயே வந்துடும், அந்த இடத்துல கடினம், நடுத்தரம், மென்மண் மூணுக்கும் Sa/g ஒரே 2.5தான். பாறைங்கறதால விசையில ஒரு பைசா குறையாது, ஃபூட்டிங் செலவு குறையும், அவ்வளவே. அதுக்காக மண் பரிசோதனையை விட்டுடாதீங்க. எனக்கு ரெண்டு போர்ஹோலுக்கு 22,000 ரூபா ஆச்சு, ரிப்போர்ட் வர 12 நாள். மனையோட ஒரு மூலையில பாறை 1.2 மீட்டர்லயே கெடச்சுது, எதிர் மூலையில 2.6 மீட்டர்.

மாடல்ல இன்னொரு சின்ன விஷயம், காலத்தோட Iயை 0.70 ஆலயும் பீமோடதை 0.35 ஆலயும் பெருக்கணும், விரிசல் விட்ட காங்கிரீட்டுக்காக. இதை மறந்தா கட்டடம் உண்மையில ஆடறதை விட ரொம்பக் கம்மியா ஆடறமாதிரி காட்டும்.

3. கீழ் மாடி மெலிஞ்சு நிக்குதான்னு பாருங்க

இதுதான் இந்தக் கட்டுரையோட மெயின் விஷயம், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

நம்ம பக்கம் ஒன்பது இஞ்ச் செவுருக்கு ஒன்பது இஞ்ச் காலம்தான் பழக்கம். காலம் வெளிய துருத்திக்கிட்டு நின்னா பீரோ போட முடியாது, பாக்க அசிங்கம்னு வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நானும் 9க்கு 12 இஞ்ச் காலம், அதாவது 230க்கு 300 போட்டேன். சாஃப்ட்வேர்ல செவுரு வெறும் எடை, பீம் மேல ஒரு கோட்டு லோடு. அதுக்கு விறைப்பு கெடையாது. அதனால சாஃப்ட்வேர் என்ன சொல்லுதுன்னா, கீழ் தளம் 3 மீட்டர், மேல 3.2 மீட்டர், உயரம் கம்மியான கீழ் தளம்தான் விறைப்பு ஜாஸ்தி, பிரச்சனையே இல்லன்னு.

சீனியர் ஒரு ரஃப் தாள்ல பேனாவால போட்டுக் காட்டினார். காலத்தோட மெல்லிய பக்கம், ரெண்டு முனையும் இறுக்கமா புடிச்சதா வெச்சுக்கிட்டா, ஒரு 230 காலம் மேல் மாடியில ஒரு மில்லிமீட்டர் நகர 2.9 கிலோநியூட்டன் கேக்கும். 12 காலத்துக்கு 35. கீழ் தளத்துல உயரம் கம்மி, அதனால 44. இதுவரைக்கும் சாஃப்ட்வேர் சொன்னது சரி. இப்ப செவுரு. காலம் பீமுக்கு நடுவுல இறுக்கிக் கட்டின செங்கல் செவுரு, ஃப்ரேம் பக்கவாட்டுல சாயும்போது மூலைக்கு மூலை ஒரு முட்டுக்கட்டை மாதிரி வேலை செய்யும். அந்த முட்டோட அகலத்துக்கு கோட்லயே வாய்ப்பாடு இருக்கு. நம்ம சூளைச் செங்கல்லுக்கு 4 எம்பிஏ, கலவைக்கு 3 எம்பிஏன்னு வெச்சு போட்டா, சன்னல் இல்லாத ஒரு பே செவுருக்கு மட்டும் மில்லிமீட்டருக்கு 13.5 கிலோநியூட்டன் வந்துச்சு. ஒரு செவுரு நாலரைக் காலத்துக்குச் சமம்!

மேல் மாடியில ஒரு திசையில இப்படி நாலு முழுச் செவுரு இருந்துச்சு. ஆக மேல 35 கூட்டல் 54, மொத்தம் 89. கீழ பார்க்கிங், செவுரே இல்ல, வெறும் 44. கீழ் தளம் மேல் தளத்துல பாதி. நிலநடுக்கம் வந்தா மேல மூணு மாடியும் ஒரு பொட்டி மாதிரி ஒண்ணா நகரும், ஆட்டம் மொத்தமும் கீழ இருக்கற 12 காலத்துல வந்து குமியும். 2001 பூஜ் நடுக்கத்துல அகமதாபாத்ல கீழ பார்க்கிங் விட்ட அடுக்குமாடிங்க படுத்தது இப்படித்தான்.

கோட்ல ஒரு வரி இருக்கு, தளப் பரப்புல செவுரு பரப்பு 20 சதவீதத்தைத் தாண்டினா செவுரை மாடல்ல சேத்தே ஆகணும், வெறும் ஃப்ரேம், செவுரோட ஃப்ரேம் ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு டிசைன் பண்ணணும்னு. மாமா வீட்டுல போட்டுப் பாத்தா 12 சதவீதம்தான். "20 தாண்டல, தப்பிச்சோம்"னு நிறைய பேர் இங்கயே மூட்டையைக் கட்டிடறாங்க. நான் மேல காட்டின கணக்கு அந்த 12 சதவீத வீட்டோடதுதான். என் அபிப்பிராயம், நம்ம ஊர் வீடுகளுக்கு அந்த வரியை நம்பாதீங்க, ரெண்டு மாடலும் போடுங்க, ஒரு நாள் வேலைதான்.

சரி, கீழ திறந்தவெளியா இருந்தே ஆகணும்னா? 2002 பதிப்புல கீழ்க் காலம் பீமை 2.5 மடங்கு விசைக்கு டிசைன் பண்ணு, முடிஞ்சுதுன்னு இருந்துச்சு. இன்னும் பழைய நோட்ஸ்ல அதுதான் சுத்துது. 2016ல அது கெடையாது. பக்கவாட்டு காங்கிரீட் செவுரோ பிரேசிங்கோ வெக்கணும். மண்டலம் 3ல இருந்து காங்கிரீட் செவுரு பரப்பு ரெண்டு திசையிலயும் தனித்தனியா தளப் பரப்புல 2 சதவீதமாவது இருக்கணும், அதையும் பரவலா வெக்கணும். அதுக்கப்புறமும் கீழ் தள விறைப்பு மேல் தளத்துல 80 சதவீதத்துக்கும், பலம் 90 சதவீதத்துக்கும் கொறையக் கூடாது.

2 சதவீதம்னா கேக்க கம்மியா இருக்கும். போட்டுப் பாருங்க. 108 சதுர மீட்டர்ல 2 சதவீதம் 2.16. செவுரு 200 மில்லிமீட்டர் கனம்னா ஒரு திசைக்கு 10.8 மீட்டர் நீளம், ரெண்டு திசைக்கும் சேத்து 21.6 மீட்டர். நான் படத்துல வரைஞ்சு மாமாகிட்ட காட்டினேன். ரெண்டு பக்கவாட்டுலயும் ஒன்றரை பே, பின்னாடி ஒரு பே, படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம், முன்னாடி ரெண்டு பேல ஒண்ணை அடைச்சு ஒண்ணுல மட்டும் கார் நொழையறமாதிரி. "இது என்னடா மாப்ள, கார் விடவா இல்ல மாங்கா மண்டி வெக்கவா?"ன்னார். செவுரை மேல வரைக்கும் கொண்டு போறதுதான் நல்லதுன்னு கோடும் சொல்லுது, அதோட செலவைச் சொன்னதும் இன்னும் மொகம் மாறிடுச்சு.

கடைசியில மாமா எடுத்த முடிவு, கீழயும் செவுரு கட்டி வாடகைக்கு விட்றலாம், மேல எங்க செவுரு இருக்கோ கீழயும் அதே கோட்டுல. "கார் வெளிய நிக்கட்டும் விடு, வேப்பமரம் இருக்குல்ல." காலமும் 350க்கு 350 ஆக்கினோம், அது ஏன்னு கீழ சொல்றேன். கீழ செவுரு வந்ததால எடை கொஞ்சம் ஏறி விசை 212 ஆச்சு, பரவால்ல.

இதுல பாடம் ஒண்ணுதான், இந்தப் பேச்சை பிளான் அப்ரூவலுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பேசுங்க. நாங்க குடுத்த பிறகு பேசினோம், திருத்தின பிளான் மறுபடி போட்டு எல்லாம் முடிய அஞ்சு வாரம் போச்சு.

4. ஷட்டர் வெச்சா முறுக்கு வரும்

வாடகைன்னதும் கடையாவே விட்டா இன்னும் நல்லா வரும்னு மாமாவுக்குத் தோணிடுச்சு. ரோட்டுப் பக்கம் 9 மீட்டரும் ரெண்டு ரோலிங் ஷட்டர், பின்பக்கம் முழுச் செவுரு. செவுரோட மாடல் போட்டு குறுக்குவாக்குல தள்ளிப் பாத்தேன், முதல் தள மட்டத்துல முன்பக்கம் 2.1 மில்லிமீட்டர் நகருது, பின்பக்கம் 1.2தான். கட்டடம் பின் செவுரைப் புடிச்சுக்கிட்டு முன்பக்கமா சுத்துது. பெரிய நகர்வை சின்னதால வகுங்க, 1.75. அதோட முறுக்கு ஆட்டத்தோட நேரமும் ரெண்டு நேர் ஆட்டத்தை விட ஜாஸ்தியா வந்துச்சு. கோட்டுப்படி 1.5 தாண்டி, நேரமும் இப்படி இருந்தா முறுக்கு ஒழுங்கின்மை, 2 தாண்டினா அந்த அமைப்பையே மாத்தணும். வெறும் ஃப்ரேம் மாடல்ல இதே விகிதம் 1.05, ஏன்னா காலம் எல்லாம் சமமா நிக்குது, செவுரு எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது.

முன்னாடி ஒரு பேயில ஷட்டர், இன்னொண்ணுல முழுச் செவுரு, வாசல் பக்கவாட்டுலன்னு மாத்தினதும் 1.3க்கு வந்துச்சு. கீழ் தள விறைப்பையும் மறுபடி போட்டுப் பாத்தோம், பாஸ். மூலை மனைன்னா ரெண்டு ரோட்டுப் பக்கமும் ஷட்டர் கேப்பாங்க, அங்க இன்னும் உஷாரா இருங்க.

மிதக்கும் காலம், அதாவது மேல் மாடியை வெளிய தள்ளி பீம் மேல காலம் நிறுத்தறது, அதைப் பத்தி நீளமா எழுத ஒண்ணும் இல்ல. அது விசை தாங்கற ஃப்ரேம்ல வர்றதா இருந்தா 2016 பதிப்புல தடை. போடாதீங்க.

5. காலம் அளவு பீம் கம்பியில இருந்து வரும்

230 காலம் ஏன் போச்சுன்னா, ஐ.எஸ். 13920 படி காலத்தோட குறைஞ்ச பக்கம் 300 மில்லிமீட்டர், இல்லன்னா அதுல போற பீம் கம்பியோட விட்டத்துல 20 மடங்கு, எது ஜாஸ்தியோ அது. பீம்ல 16 எம்எம் கம்பி போட்டா 320. அதனால 300 காலம்கூட பத்தாது. ஒண்ணு பீமுக்கு 12 எம்எம்மா மாத்துங்க, இல்லன்னா காலத்தை 350 ஆக்குங்க. நாங்க 350.

அடுத்தது காலம் பீமை விட பலமா இருக்கணும், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் மேல் காலம் கீழ்க் காலம் ரெண்டும் சேந்து, ரெண்டு பக்க பீமோட மொமெண்ட் கூட்டுத்தொகையில 1.4 மடங்கு. எங்க பீம் 230க்கு 400, மேல மூணு 16, கீழ ரெண்டு 16. ஒரு பக்கம் 80, இன்னொரு பக்கம் 57, மொத்தம் 137 கிலோநியூட்டன் மீட்டர், 1.4 ஆல பெருக்கினா 192. பழைய 9க்கு 12 காலம் ரெண்டும் சேந்து மெல்லிய பக்கத்துல அதுல பாதியைத்தான் தொட்டுச்சு. சைட்ல "பீமுக்கு ஒரு கம்பி கூடப் போட்ரு, சேஃப்டி"ன்னு யாராவது சொன்னா விடாதீங்க. பீம்ல கம்பி ஏத்தினா காலத்தோட கணக்கு தோத்துப் போகும், முதல்ல ஒடையறது பீமா இல்லாம காலமா போயிடும்.

6. ஸ்டிரப்: நெருக்கம் மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க

350 காலம், எட்டு 16 எம்எம் கம்பி. முனைப் பகுதியில ஸ்டிரப் நெருக்கம், காலத்தோட குறைஞ்ச பக்கத்துல கால்பங்கு 87, கம்பி விட்டத்துல 6 மடங்கு 96, இல்ல 100, மூணுல எது சின்னதோ அது. 85ன்னு வெச்சேன். முனைப் பகுதின்னா பீம் முகத்துல இருந்து 450, காலத்தோட பெரிய பக்கம், உயரத்துல ஆறுல ஒரு பங்கு, இதுல பெருசு. எங்களுக்கு 467, நான் 475னு எழுதினேன். மேலயும் கீழயும், அப்புறம் ஜாயின்ட் உள்ளயும். ஃபூட்டிங் உள்ள 300 மில்லிமீட்டர் இறங்கணும்.

இதோட முடிஞ்சுதுன்னு 8 எம்எம் ஸ்டிரப்னு டிராயிங்ல போட்டுட்டேன். ரெண்டாவது முறை சீனியர் சுழிச்சது இங்கதான். நெருக்கம் போக ஸ்டிரப் கம்பியோட பரப்புக்குத் தனியா ஒரு செக் இருக்கு:

```
Ash = 0.18 s h (fck/fy) (Ag/Ak − 1)
```

இதுல s ஸ்டிரப் நெருக்கம், h ஸ்டிரப்போட நீளப் பக்கம், Ag காலத்தோட முழுப் பரப்பு, Ak ஸ்டிரப்போட வெளி விளிம்புக்குள்ள இருக்கற பரப்பு. எம்25 காங்கிரீட், 500டி கம்பி, நடுவுல குறுக்குக் கொக்கி வெச்சு h 135ன்னு எடுத்தாலே 70 சதுர மில்லிமீட்டர் வேணும். 8 எம்எம் கம்பி 50தான். 10 எம்எம் 78.5, பாஸ். அந்தக் குறுக்குக் கொக்கி இல்லன்னா h ரெட்டிப்பாகி 140 வேணும், 12 எம்எம் போட்டாக்கூடப் பத்தாது. சின்னக் காலத்துல இந்தச் செக் ஏன் இவ்வளவு கடுமைன்னா, கவர் உதிர்ந்து போன பிறகு மிஞ்சற உள் பகுதி ரொம்பச் சின்னதா இருக்கும், நம்ம 350ல 270தான் மிஞ்சும்.

பீம்ல இன்னொரு பள்ளம். காலம் முகத்துல இருந்து 2d தூரம், இங்க d பீமோட கம்பி வரைக்குமான ஆழம், எங்களுக்கு 720 மில்லிமீட்டர், அதுக்குள்ள ஸ்டிரப் d/4, சின்னக் கம்பி விட்டத்துல 6 மடங்கு, 100, இதுல சின்னது. எல்லாம் 16 எம்எம்மா இருந்தா 90. மிச்சம் புடிக்கலாம்னு ஓரத்துல ஒரு 12 எம்எம் சொருகினீங்கன்னா 72 ஆயிடும். மிச்சம் புடிச்சது ஸ்டிரப்ல போயிடும். முதல் ஸ்டிரப் காலம் முகத்துல இருந்து 50க்குள்ள. கம்பிக்கு லேப் போடற இடம், பீம்ல அந்த 2d தூரத்துக்குள்ள கூடாது, காலத்துல நடுப் பாதி உயரத்துல மட்டும், ஒரே மட்டத்துல பாதிக் கம்பிக்கு மேல கூடாது. நம்ம பழக்கம் தளத்துக்கு மேல கம்பியை நீட்டிவிட்டு அங்கயே லேப் அடிக்கறது. கம்பி ஆர்டர் குடுக்கும்போதே இதை மனசுல வெச்சுக்கோங்க, வெட்டு நீளம் மாறும்.

படிக்கட்டு நடு லேண்டிங் பீம் போய் இடிக்கற ரெண்டு காலம், பாத்ரூம் வென்டிலேட்டருக்குக் கீழ நிக்கற அரைச் செவுரு ஒட்டின காலம், இதுங்க குட்டைக் காலமா ஆயிடும். அங்க முனை மட்டும் இல்ல, முழு உயரத்துக்கும் 85.

7. கம்பி கட்டற இடத்துல நின்னு பாருங்க

டிராயிங்ல கொக்கி 135 டிகிரி, நீட்டம் 65 மில்லிமீட்டர்னு பெருசா வரைஞ்சிருந்தேன். காலைல போனா கம்பி அண்ணன் நாப்பது ஸ்டிரப் வளைச்சு அடுக்கி வெச்சிருக்கார், எல்லாம் 90 டிகிரி. கேட்டா, "தம்பி, அந்தக் கொக்கியோட இதை மேல இருந்து எறக்கவே முடியாது, கம்பியில மாட்டும்." அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எறக்கறப்ப கொஞ்சம் விரிச்சு விட்டு, எடத்துல வெச்ச பிறகு பைப் போட்டு உள்ள மடக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம் கூட. நான் ஒண்ணை எடுத்து மூலைக் கம்பியில மாட்டி வெளிப்பக்கமா கையால இழுத்தேன், 90 டிகிரி கொக்கி மெதுவா விரிஞ்சுது. கவர் உதிர்ந்துட்டா அதைப் புடிச்சு வெக்க ஒண்ணும் இல்லண்ணேன்னு சொன்னதும் யோசிச்சார். அப்புறம் ஒரு ஸ்டிரப்புக்கு இவ்வளவுன்னு கூலி தனியாப் பேசினோம், அடுத்த நாள்ல இருந்து அவரே ஆளுங்களைத் திட்டி மடக்க வெச்சார். கூலியைக் கூட்டாம 135 கேக்காதீங்க, வராது.

பீம் காலம் சேர்ற ஜாயின்ட்டுக்குள்ள ஸ்டிரப் போடறது அடுத்த சண்டை. பீம் கம்பி போட்ட பிறகு உள்ள கை போகாது. பீம் கம்பி வெக்கறதுக்கு முன்னாடியே அஞ்சு ஸ்டிரப்பைக் காலத்துல தொங்க விட்டுருங்க, அப்புறம் இழுத்து எடத்துல கட்டலாம். காலம் ஷட்டர் அடைக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, அடைச்ச பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

கம்பி வாங்கும்போது 500டின்னு பில்லுல இருக்கணும், டெஸ்ட் சர்டிபிகேட்ல நீட்சி 16 சதவீதத்துக்குக் கொறையாம இருக்கணும். சும்மா 500க்கு 12 சதவீதம்தான், விலை வித்தியாசம் பெருசா இல்ல, ஆனா கடையில இருக்கறதைத் தூக்கிப் போட்டுருவாங்க.

8. செலவு, நாள், தாள்

ஸ்டிரப் மட்டும் கணக்கு போட்டேன். பழைய டிராயிங்ல ஒரு காலம் ஒரு மாடிக்கு 7 கிலோ, புதுசுல 37 கிலோ. 12 காலம், நாலு தளம், கிட்டத்தட்ட ஒன்றரை டன் கூடுச்சு. கிலோ 65 ரூபாய்னு வெச்சா லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. மொத்தம் 4650 சதுர அடி, அடிக்கு 20 ரூபா. மாமா டைல்ஸ் மாத்தினதுல இதை விட ஜாஸ்தி ஆச்சு. நாள்னு பாத்தா ஒரு தளத்துக்கு மூணு நாள் கூட எடுத்துச்சு.

கையில இருக்க வேண்டிய தாள்: அந்த ஒரு பக்க டிசைன் பேசிஸ், மண் ரிப்போர்ட், ரெண்டு மாடலோட முடிவு, செவுரு எங்கெங்க, என்ன கனம்னு தளவாரியா ஒரு படம், கம்பி சர்டிபிகேட், காலம் ஷட்டர் அடைக்கறதுக்கு முன்னாடி எடுத்த கம்பி போட்டோ. இதுல செவுரு படத்தை யாரும் தனியா வெக்க மாட்டாங்க. நான் அதை ஏ3ல பிரிண்ட் போட்டு, எடுக்கக்கூடாத செவுரை எல்லாம் சிவப்புல அடிச்சு மாமாகிட்ட ரெண்டு காப்பி குடுத்தேன், ஒண்ணு வாடகை அக்ரிமெண்ட்டோட சேக்கச் சொல்லி. போன மாசம் கீழ கடைக்கு வந்தவர் நடுச் செவுரை இடிச்சா ஒரே ஹாலா வரும்னு கேட்டாராம். மாமா அந்தத் தாளை எடுத்து மேஜை மேல போட்டிருக்கார்.